‘கூடாது’வில் காணாமற்போன ‘து’

மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பிக்கும் டீச்சர் ஒருவரின் பாட வீடியோக்களை நான்தான் எடிட் செய்து கொடுக்கிறேன். மேசைக்குப் பின்னால் நின்று கேமராவைப் பார்த்துப் பேசுவார். ஒரே கோணம், ஒரே ஆள். அமிலத்தை நீர்க்கச் செய்வது பற்றிய பாடத்தை அனுப்பியபோது அது 12 நிமிடம் 40 நொடி இருந்தது. மௌனங்களைத் தானாக வெட்டும் மென்பொருளில் போட்டேன். வெளியே வந்தது 7 நிமிடம் 50 நொடி. நேரம் மிச்சம் என்று மகிழ்ந்து அப்படியே அனுப்பிவிட்டேன்.

அன்று மாலையே டீச்சரிடமிருந்து போன். “தம்பி, நான் இப்படியா மூச்சே விடாமப் பேசினேன்? ‘ஊற்றக் கூடாது’ன்னு சொன்னேன். இதுல ‘கூடா’ன்னு நிக்குது.”

போட்டுக் கேட்டேன். அவர் சொன்னது சரி. “கந்தக அமிலத்துக்குள் தண்ணீரை ஊற்றக் கூடாது” என்ற வாக்கியத்தின் கடைசி எழுத்தைக் காணோம். யாரோ வாயைப் பொத்தியதுபோல் நின்று, உடனே அடுத்த வாக்கியம் பாய்ந்தது. அந்தப் பாடத்தில் மாணவர் மறக்கவே கூடாத வாக்கியம் அது. அடர் கந்தக அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் எழும் வெப்பத்தில் தண்ணீர் கொதித்து அமிலத்தோடு தெறிக்கும். அந்த ‘து’ எங்கே போனது என்று தேடியதில்தான் இந்த வேலையை நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன்.

கருவி அளப்பது எதை?

மௌனம் வெட்டும் மென்பொருள்களில் பெரும்பாலானவை பேச்சைக் கேட்பதில்லை, சத்தத்தின் அளவை மட்டும் பார்க்கின்றன. நாம் அவற்றிடம் மூன்று விஷயங்களைச் சொல்கிறோம். முதலாவது, எந்த அளவுக்குக் கீழே போனால் அதை மௌனம் என்று கொள்வது. இரண்டாவது, அந்த மௌனம் குறைந்தது எவ்வளவு நேரம் நீடித்தால் வெட்டுவது. மூன்றாவது, வெட்டும்போது பேச்சுக்கு முன்னும் பின்னும் எவ்வளவு இடம் விடுவது. ‘ஆட்டோ எடிட்டர்’ என்ற இலவச மென்பொருள், நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் இருபுறமும் 0.2 நொடி இடம் விடும். வேறு சில கருவிகளில் அந்த இடத்தைச் சுழி வரை குறைக்கலாம். நான் செய்திருந்தது அதைத்தான்.

ஒலிப்பதிவில் சத்தத்தை டெசிபெல்லில் குறிப்பார்கள். உச்சம் 0. அதற்குக் கீழே எல்லாம் கழித்தல் குறியோடு இறங்கும். டீச்சரின் குரல் உரத்து ஒலிக்கும் இடங்கள் -12 அளவில் இருந்தன. மெதுவாக ஓடிய மின்விசிறியின் இரைச்சல் -46. நான் கோட்டை -30இல் போட்டிருந்தேன். வாக்கியத்தின் முடிவில் அவர் குரல் தாழ்ந்து ‘து’ ஒலித்த இடமோ -35. கோட்டுக்குக் கீழே இருந்ததால், கருவிக்கு அது மௌனம்.

தமிழுக்குள் இருக்கும் மௌனம்

இந்த விபத்து தமிழில் அடிக்கடி நேர்வதற்குக் காரணம் உண்டு. பள்ளியில் படித்த குற்றியலுகரத்தை நினைத்துப் பாருங்கள். கூடாது, பத்து, நாடு போன்ற சொற்களின் இறுதியில் வரும் உகரம், தன் ஒரு மாத்திரையிலிருந்து குறைந்து அரை மாத்திரையாக ஒலிக்கும். தொல்காப்பியம் சார்பெழுத்து மூன்றில் ஒன்றாக அதை வைத்தது. இலக்கணம் சொன்ன அந்தக் குறுக்கத்தை ஒலி அலையின் படத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். பெரிய மேடு ஒன்றின் பின்னால் சிறு வால் போல அது நீளும். கோடு உயரமாக இருந்தால் முதலில் அறுபடுவது அந்த வால்தான்.

அதோடு, தமிழ் வாக்கியத்தின் உயிர் அதன் கடைசியில் இருக்கிறது. செய்ததா, செய்யாததா, கேள்வியா, கட்டளையா என்பதெல்லாம் வினைமுற்றின் ஈற்றில்தான் தெரியும். பெரும்பாலானோர் குரலைத் தாழ்த்துவதும் அங்கேதான். ஆகவே, பேச்சு முடிந்த பிறகு விடும் இடம், பேச்சு தொடங்குமுன் விடும் இடத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். நான் இப்போது பின்னால் 0.25 நொடியும் முன்னால் 0.15 நொடியும் விடுகிறேன். முன்னால் விடும் இடமும் வீண் அல்ல. ‘சரி’, ‘ஹைட்ரஜன்’ போன்ற சொற்கள் காற்றொலியோடு மெலிதாகத்தான் தொடங்குகின்றன.

இன்னொன்று, சொல்லுக்கு உள்ளேயே இருக்கும் மௌனம். ‘அமிலத்துக்குள்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘த்து’, ‘க்கு’ இரண்டிலும் நாக்கு காற்றை ஒரு கணம் முழுதாக அடைத்து நிறுத்துகிறது. அந்தக் கணத்தில் ஒலி கிட்டத்தட்ட இல்லை. அது நொடியில் பத்தில் ஒரு பங்கையும் தாண்டும். நொடிக்கு 25 படம் ஓடும் வீடியோவில் ஒரு படத்தின் ஆயுள் 0.04 நொடி, ஆகவே அந்த அடைப்பு மூன்று நான்கு படங்கள் நீளும். நான் குறைந்தபட்ச மௌனத்தை 0.1 நொடி என்று வைத்திருந்ததால், கருவி சொல்லின் நடுவிலேயே வெட்டியிருந்தது. இரட்டித்த வல்லெழுத்தின் அழுத்தம் போய், அந்நியர் ஒருவர் தமிழ் பேசுவதுபோல் கேட்டது.

இரண்டாம் முறை

எந்த வெட்டும் போடாமல், எங்கெங்கே மௌனம் என்று பட்டியலிட மட்டும் இலவச ‘எஃப்எஃப்எம்பெக்’ கருவியில் ஒரு கட்டளை இருக்கிறது. அதிலிருந்து தொடங்கினேன்.

```
ffmpeg -i paadam.mp4 -af silencedetect=noise=-40dB:d=0.7 -f null -
```

-40க்குக் கீழே 0.7 நொடி நீடிக்கும் ஒவ்வொரு இடமும் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று திரையில் வரும். கோட்டை -40இல் வைத்ததற்குக் கணக்கு எளிது. மெல்லிய பேச்சு -35, விசிறி -46, கோடு இரண்டுக்கும் நடுவே நிற்க வேண்டும். விசிறியை முழு வேகத்தில் வைத்திருந்தால் அதன் இரைச்சலே -35ஐத் தொட்டிருக்கும். அப்போது எந்தக் கோடும் உதவாது, கையால்தான் வெட்ட வேண்டும். அதனால் பதிவின்போது விசிறியை நிறுத்துங்கள் என்று எல்லாரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த அளவுகளோடு வெட்டியதில் பாடம் 10 நிமிடம் 5 நொடிக்கு வந்தது. ‘து’ திரும்பியது. ஆனாலும் ஏதோ உறுத்தியது.

நீண்ட மௌனம் குறுகியதாகும் விந்தை

உறுத்தலின் காரணம் கணக்கிலேயே இருந்தது. வெட்டிய ஒவ்வோர் இடத்திலும் பின்னால் 0.25, முன்னால் 0.15, ஆக 0.4 நொடி மௌனம் மிஞ்சும். ஆனால் 0.7ஐ எட்டாத மௌனங்களைக் கருவி தொடவே இல்லை. விளைவு, காற்புள்ளியில் டீச்சர் எடுத்த 0.6 நொடி அப்படியே இருக்கிறது, ஒரு பகுதி முடிந்து அடுத்ததைத் தொடங்க எடுத்த 3 நொடி 0.4 ஆகச் சுருங்கிவிட்டது. காற்புள்ளி முற்றுப்புள்ளியைவிட நீண்டுவிட்டது. எங்கே ஒரு கருத்து முடிந்தது என்று காது தீர்மானிக்க முடியாமல் திணறுவது இதனால்தான்.

கருவி சமமாக்கிய மௌனங்களில் எவை தேவையானவை என்று பார்த்து, ஆறு இடங்களைக் கையால் திருப்பி வைத்தேன். “ஏன் ஊற்றக் கூடாது?” என்று கேட்டுவிட்டு டீச்சர் காத்திருந்த நேரம் மாணவர் யோசிப்பதற்கானது. அதில் 2 நொடி விட்டேன். கண்ணாடிக் கம்பி வழியாக அமிலத்துக்குப் பதில் வண்ணத் தண்ணீரை ஊற்றிக் காட்டிய 9 நொடியில் அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. கருவி அதை முழுதாகத் தூக்கியிருந்ததால், முகவையில் தண்ணீர் மட்டம் திடீரென்று உயர்ந்து நின்றது. பாடமே அந்த 9 நொடியில்தான் இருக்கிறது. அதை ஒரு படம்கூடக் குறைக்காமல் வைத்தேன்.

மூச்சிலும் ஒரு விதி உண்டு. வாக்கியத்துக்கு முன் இழுக்கும் மூச்சை முழுதாக வையுங்கள், அல்லது முழுதாக எடுங்கள். பாதி மூச்சு விக்கல்போல் கேட்கும். ஒட்டும் இடத்தில் ‘டிக்’ என்று ஒலி வந்தால், ஒன்று தேய்ந்து மற்றது எழும்படி 0.01 அல்லது 0.02 நொடி ஒலியைக் கலந்தாலே போய்விடும்.

கண்ணுக்குத் தெரியும் வெட்டு

ஒலி சரியானாலும் படம் துள்ளும். ஒரே கோணத்தில் நடுவில் வெட்டி ஒட்டும்போது தலை சட்டென்று இடம் மாறுவதை ‘ஜம்ப் கட்’ என்கிறோம். பிரெஞ்சு இயக்குநர் கோதார் 1960இல் வெளிவந்த ‘பிரெத்லெஸ்’ படத்தில் அதைத் துணிந்து கையாண்டு உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தார். இன்று யூடியூபில் அது பழகிய மொழி. ஆனால் பார்ப்பவர் அதைப் பொறுத்துக்கொள்வது, வெட்டு கருத்தின் எல்லையில் விழும்போதுதான். வாக்கியத்தின் நடுவே, கை பாதி உயர்ந்திருக்கையில், இமை பாதி மூடியிருக்கையில் விழுந்தால் பழுதுபோல் தெரியும்.

துள்ளலைத் தணிக்க, வெட்டுக்குப் பின் படத்தைச் சற்று நெருக்கமாக்கலாம். 5 சதவீதம் நெருக்கினால் கேமரா தவறி அசைந்ததுபோல் இருக்கும். 20 சதவீதமாவது நெருக்கினால் வேறொரு ஷாட் என்று கண் ஏற்கும். 4கே அளவில் எடுத்து 1080 அளவில் வெளியிட்டால், இரு மடங்கு நெருக்கினாலும் படம் மங்காது. ஆனால் ஒவ்வொரு வெட்டிலும் இதைச் செய்தால் தலை முன்னும் பின்னும் ஆடும். புதுக் கருத்து தொடங்கும் இடத்தில் நெருக்குங்கள், அது முடிந்ததும் பழைய அளவுக்கு வாருங்கள். டீச்சரின் பாடத்தில் நான் நெருக்கியது நான்கே இடங்களில். மற்ற துள்ளல்களில் சிலவற்றை முகவையின் படமும் கரும்பலகையின் படமும் மறைத்தன.

கடைசிச் சோதனை

முடித்த வீடியோவை இரண்டு முறை ஓட்டுங்கள். முதல் முறை கண்ணை மூடிக் கேளுங்கள். வெட்டு எங்கே இருக்கிறது என்று காது சொன்னால் அந்த இடம் தவறு. இரண்டாம் முறை ஒலியை அணைத்துப் பாருங்கள். தலை துள்ளும் இடமும், காணாமற்போன கைச்செயலும் அப்போது தெரியும். பத்து நிமிட வீடியோவுக்கு இது இருபது நிமிட வேலை.

டீச்சரின் பாடம் கடைசியில் 10 நிமிடம் 25 நொடிக்கு வந்தது. கருவி முதலில் கொடுத்ததைவிட 2 நிமிடம் 35 நொடி கூடுதல். அந்தக் கூடுதல் நேரத்தில்தான் கேள்விக்கான காத்திருப்பும், ஊற்றிக் காட்டிய கையும், ‘கூடாது’வின் ‘து’வும் இருக்கின்றன. நீங்கள் வெட்டும் அடுத்த வீடியோவில், வெளியிடும் முன் ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசி எழுத்தையும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.