இரண்டு ரேடியனை எட்டாத கோணங்கள்

கால்குலேட்டரில் 0.5 என்று கொடுத்து sin⁻¹ பொத்தானை அழுத்தினால் 30 பாகை என்று வரும். 150 பாகையின் சைன் மதிப்பும் 0.5 தான், 390 பாகைக்கும் அதேதான். ஆனாலும் அந்த விடைகள் ஒருநாளும் திரையில் வராது. ஒரு சார்பு என்றால், ஓர் உள்ளீட்டுக்கு ஒரே விடைதான் தர வேண்டும். அதற்காக −90 பாகை முதல் 90 பாகை வரையுள்ள கோணங்களை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கியிருக்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல் இதை முதன்மை மதிப்பு என்கிறது. tan⁻¹ சார்புக்கும் இதே எல்லைதான். 90 பாகைக்கு டேன்ஜெண்ட் மதிப்பே கிடையாது என்பதால் அங்கே இரு முனைகளும் சேராது; அவ்வளவுதான் வேறுபாடு. ரேடியனில் சொன்னால் எல்லை −π/2 முதல் π/2 வரை, அதாவது ஏறத்தாழ −1.571 முதல் 1.571 வரை.

அசமன்பாடுகளில் மாணவர்கள் வழுக்குவது இந்த எல்லையில்தான்.

sin⁻¹ x < 2 என்ற சிறிய கணக்கைப் பார்க்கலாம். இருபுறமும் சைன் எடுத்தால் x < sin 2 என்று வரும். sin 2 ஏறத்தாழ 0.909. ஆகவே −1 முதல் 0.909 வரை விடை என்று பலரும் எழுதிவிடுவார்கள். x-க்கு 0.95 என்று போட்டுப் பார்த்தால் சிக்கல் தெரியும்: sin⁻¹ 0.95 ஏறத்தாழ 1.253. அது 2-ஐவிடச் சிறியதுதானே? சரியான ஒரு விடையை அந்த வழி வெளியே தள்ளிவிட்டது. உண்மையில் sin⁻¹ எந்த x-க்கும் 1.571-ஐத் தாண்டாது; எனவே −1 முதல் 1 வரை எல்லா எண்களும் விடைதான்.

எங்கே பிசகியது? −π/2 முதல் π/2 வரை சைன் ஏறிக்கொண்டே போகிறது. கோணம் பெரிதானால் சைனும் பெரிதாகும். ஆகவே இருபுறமும் சைன் எடுத்தாலும் < குறி அப்படியே நிற்கும். ஆனால் 2 ரேடியன் அந்தப் பகுதிக்கு வெளியே, சைன் இறங்கத் தொடங்கிவிட்ட இடத்தில் இருக்கிறது. ஏறும் பக்கத்துக் கோணம் ஒன்றையும் இறங்கும் பக்கத்துக் கோணம் ஒன்றையும் சைன் மதிப்பை வைத்து ஒப்பிட்டால், எது பெரியது என்பது தலைகீழாகவும் வரலாம். எனவே ஒப்பிடப்படும் எண் எல்லைக்குள் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வெளியே இருந்தால் சைனைத் தொடவே தேவையில்லை. அந்த அசமன்பாடு ஒன்று, சார்பகம் முழுவதும் உண்மை. இல்லை, எங்குமே உண்மை இல்லை.

இதே பொறி, இருபடிக் கோவைக்குள் இன்னும் ஆழமாகப் புதைந்திருக்கும்.

(tan⁻¹ x)² − 3 tan⁻¹ x + 2 > 0

tan⁻¹ x என்பதை t என்று வைத்தால், (t − 1)(t − 2) > 0. அதாவது t < 1 அல்லது t > 2. இதுவரை யாரும் தவறுவதில்லை. அடுத்த வரியில் x < tan 1 அல்லது x > tan 2 என்று எழுதும்போதுதான் கணக்கு உடைகிறது. tan 1 ஏறத்தாழ 1.557, tan 2 ஓர் எதிர்ம எண், ஏறத்தாழ −2.185. இரண்டையும் சேர்த்தால் எல்லா மெய்யெண்களும் விடை என்று வந்து நிற்கும். x = 10 என்று சோதித்தால் அது பொய் என்று தெரிந்துவிடும். tan⁻¹ 10 ஏறத்தாழ 1.471, (0.471) × (−0.529) எதிர்ம எண். உண்மையில் t > 2 என்ற கிளையே கிடையாது, ஏனெனில் t-யால் 1.571-ஐ எட்டவே முடியாது. எஞ்சுவது t < 1 மட்டும். விடை: x < tan 1.

t என்று மாற்றி எழுதிய அதே வரியில் −π/2 < t < π/2 என்றும் எழுதிவைத்தால் இந்தப் பொறி முன்கூட்டியே கண்ணில் படும். sin⁻¹ கணக்குகளில் உள்ளே போகும் எண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. sin⁻¹(2x − 1) ≥ −π/6 என்பதில் −π/6 எல்லைக்குள் இருப்பதால் சைன் எடுக்கலாம். 2x − 1 ≥ −1/2, எனவே x ≥ 1/4. கூடவே 2x − 1 என்பது 1-ஐத் தாண்டக் கூடாது என்பதால் x ≤ 1. விடை 1/4 முதல் 1 வரை.

தேர்வுத்தாளுக்கு வெளியேயும் இந்த எல்லை வேலை செய்கிறது. ஒரு புள்ளி எந்தத் திசையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க, பைத்தானில் ஒருவர் இப்படி எழுதுவதாகக் கொள்வோம்:

```
if math.degrees(math.atan(y / x)) > 90:
```

இந்த நிபந்தனை ஒருபோதும் நிறைவேறாது. (−3, 3) என்ற புள்ளி 135 பாகைத் திசையில் இருக்கிறது. ஆனால் 3-ஐ −3-ஆல் வகுத்தால் −1, அதற்கு `atan` தருவது −45 பாகை. எதிர்த்திசையில் இருக்கும் (3, −3) புள்ளிக்கும் அதே விடைதான். வகுத்தவுடனேயே எந்த எண் எதிர்மம் என்ற செய்தி அழிந்துவிடுகிறது. அதனால்தான் `math.atan2(y, x)` இரண்டு எண்களையும் தனித்தனியே வாங்கிக்கொண்டு, முதல் புள்ளிக்குச் சரியாக 135 பாகை தருகிறது. அதற்கும் ஓர் எல்லை உண்டு: −180 முதல் 180 வரை. 200 பாகைத் திசையில் உள்ள புள்ளிக்கு அது −160 என்று சொல்லும். ஆகவே 190-ஐவிடப் பெரியதா என்று `atan2` விடையைக் கேட்கும் நிபந்தனையும் நிறைவேறாது. எதிர்ம விடை வந்தால் 360-ஐக் கூட்டிக்கொண்ட பிறகே அந்த ஒப்பீட்டைச் செய்ய வேண்டும்.