ஒரு கிலோ கடலைத்தூளுக்கு எவ்வளவு கடலை?

பள்ளி விற்பனை நாளில் அப்பம் பாலிக் விற்க ஒரு மாணவர் குழு முடிவு செய்கிறது. அதில் தூவுவதற்கு 1 கிலோகிராம் வறுத்த கடலைத்தூள் தேவை. அதற்கு ஓடு நீக்கிய பச்சை நிலக்கடலையை 1 கிலோகிராம் வாங்கினால் போதுமா? போதாது. வறுத்து, தோல் நீக்கிப் பொடித்த பிறகு ஏறக்குறைய 900 கிராம் தூளே கிடைக்கும்.

குறைந்த எடை எங்கே போனது? பச்சைக் கடலை உலர்ந்ததாகத் தோன்றினாலும் அதனுள் சிறிதளவு நீர் இருக்கிறது. வறுக்கும்போது அந்த நீரின் பெரும்பகுதி ஆவியாகிவிடுகிறது. இதனால் 100 கிராமில் சுமார் 5 கிராம் குறையும். கடலையை ஆறவைத்துத் தேய்த்துப் புடைத்தால் சிவந்த தோல் உதிரும். அது சுமார் 3 கிராம். கருகிய பருப்புகளும் அரைவை இயந்திரத்தில் ஒட்டிக்கொள்ளும் தூளும் சேர்ந்து மேலும் 2 கிராம் கழியும். எஞ்சுவது 90 கிராம்.

குறைவது பத்து விழுக்காடு என்பதால், 1000 கிராமுடன் 100 கிராமைக் கூட்டினால் போதும் என்று பலர் எண்ணுவர். ஆனால் 1100 கிராம் கடலையில் 110 கிராம் குறையும். 990 கிராம் தூளே கிடைக்கும். இழப்பு, வாங்கும் கடலையின் எடையில் ஏற்படுகிறது. கிடைக்க வேண்டிய தூளின் எடையில் அன்று. எனவே, கூட்டுவதற்குப் பதிலாக வகுக்க வேண்டும். 1000 ÷ 0.90 = 1111 கிராம்.

இந்த 0.90 எல்லாக் கடலைக்கும் பொருந்தாது. ஈரம் மிகுந்த கடலையும் அதிகமாக வறுத்த கடலையும் கூடுதலாக எடை இழக்கும். ஆகவே, முதலில் 200 கிராம் கடலையை வறுத்துப் பொடித்து எடைபோட்டுப் பார்ப்பது நல்லது. 176 கிராம் தூள் கிடைத்தால், 176 ÷ 200 = 0.88. அப்போது தேவைப்படும் கடலை 1000 ÷ 0.88, அதாவது சுமார் 1136 கிராம். 1.2 கிலோகிராம் வாங்கினால் பற்றாக்குறை வராது.

சூடாக இருக்கும் கடலையை அரைத்தாலோ, இயந்திரத்தை நிறுத்தாமல் ஓட்டினாலோ தூள் கட்டியாகிவிடும். கடலையின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய். அது வெளிவருவதே இதற்குக் காரணம். தொடர்ந்து அரைத்தால் அதுவே கடலை வெண்ணெய் ஆகும். தூள் வெண்ணெயாக மாறும்போது எடை மாறுவதில்லை; அது அடைக்கும் இடம் மட்டுமே குறைகிறது. அதனால், கோப்பையால் அளப்பதைவிடத் தராசில் நிறுப்பதே சரியான கணக்கைத் தரும்.

தோல் நீக்கிய வெள்ளை எள்ளில் உரிக்கத் தோல் இல்லை. எனவே, 100 கிராம் எள்ளில் சுமார் 95 கிராம் தூள் கிடைக்கும். 1 கிலோகிராம் எள்ளுத்தூளுக்கு 1000 ÷ 0.95, அதாவது சுமார் 1053 கிராம் எள் தேவை. பொருள் மாறினால் வகுக்கும் எண் மாறும். வகுக்கும் முறை மாறாது.