முதல் எலெக்ட்ரிக் கிட்டார்: எதைப் பார்த்து வாங்குவது?

கிட்டாருக்கும் ஆம்புக்கும் சேர்த்து 25,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கிட்டாருக்கு 15,000, ஆம்புக்கு 6,000 என்று பிரித்து, மீதி 4,000 ரூபாயைக் கேபிள், தோள்பட்டை வார், ஒரு செட் கம்பி, ‘செட்டப்’ கூலி ஆகியவற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். செட்டப் என்பது கம்பிகளின் உயரம், கழுத்தின் வளைவு, சுருதி ஆகியவற்றைச் சரிசெய்யும் வேலை. விலை குறைந்த கிட்டார்கள் பெரும்பாலும் இந்த வேலை சரியாக முடியாமலேயே கடைக்கு வருகின்றன. கம்பி உயரமாக இருந்தால் விரல் நோகும். கற்றுக்கொள்பவரோ தனக்குத்தான் வரவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

எனவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி, ‘குறை இருக்கிறதா?’ என்பது அல்ல. ‘இருக்கிற குறை செட்டப்பில் தீருமா?’ என்பதுதான்.

முதலில் கிட்டாரைச் சுருதி சேர்க்கச் சொல்லுங்கள். பிறகு தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, நடுவில், ஏழாவது எட்டாவது ஃப்ரெட் அருகே பாருங்கள். ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால் கழுத்து நலமாக இருக்கிறது. இடைவெளி அதிகமாக இருந்தாலோ, இல்லவே இல்லை என்றாலோ பயப்பட வேண்டாம். கழுத்துக்குள் ஓடும் ‘டிரஸ் ராட்’ என்ற இரும்புக் கம்பியைத் திருகி, பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டிருந்தால் மட்டும் அந்தக் கிட்டாரை வைத்துவிடுங்கள். டிரஸ் ராட் முறுக்கலை நேராக்காது.

அடுத்து, ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தி மீட்டுங்கள். பல இடங்களில் பரவலாக ‘ஜிர்ர்’ என்று இரைந்தால் அது கம்பி உயரத்தின் கோளாறு, செட்டப்பில் தீரும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் இரைச்சலோ, ஒலி அடைபடுவதோ இருந்தால், அடுத்த ஃப்ரெட் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று பொருள். அதைத் தட்டியோ ராவியோ சமப்படுத்தக் கூடுதல் செலவாகும். கழுத்தின் ஓரத்தில் விரலை ஓட்டும்போது ஃப்ரெட் முனைகள் கீறக் கூடாது.

பிரிட்ஜ் விஷயத்தில் எளிமையானதே நல்லது. அசையாத பிரிட்ஜ் சுருதியை நன்றாகத் தாங்கும். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையில் ஆட்டும் கைப்பிடியோடு பிரிட்ஜ் வரும். அதன் பின்பக்க ஸ்பிரிங்குகளை இறுக்கி, பிரிட்ஜை உடலோடு ஒட்டி நிற்கச் செய்துவிடலாம். ஃபிளாய்ட் ரோஸ் போன்ற மிதக்கும் பிரிட்ஜ் முதல் கிட்டாருக்கு வேண்டாம். ஒரு கம்பியை மாற்றினால் மற்ற ஐந்தும் சுருதி விலகும்.

ஒலியை எடுக்கும் பிக்கப்புகளில் ஒற்றைச் சுருள் வகை தெளிவாக ஒலிக்கும். ஆனால் அருகிலுள்ள மின்கருவிகளின் இரைச்சலையும் இழுத்துக்கொள்ளும். இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கர் அந்த இரைச்சலைப் பெருமளவு ரத்து செய்யும். பிரிட்ஜ் பக்கம் ஒரு ஹம்பக்கரும் மற்ற இரண்டு ஒற்றைச் சுருளும் உள்ள கிட்டார் மெல்லிசைக்கும் ராக்குக்கும் கைகொடுக்கும்.

இனி ஆம்ப். இங்கே வாட்ஸ் கணக்கில் மயங்க வேண்டாம். காதுக்கு ஒலி இரண்டு மடங்காகத் தோன்ற மின்திறன் ஏறத்தாழ பத்து மடங்கு உயர வேண்டும். அதனால் 20 வாட்ஸ் ஆம்ப் 10 வாட்ஸைவிடச் சற்றுத்தான் உரக்கக் கேட்கும். அடுக்குமாடி வீட்டில் 10 வாட்ஸே தாராளம். அதைவிட முக்கியம் ஹெட்ஃபோன் துளையும், போனிலிருந்து பாட்டைச் சேர்த்து ஒலிக்கவிடும் ஆக்ஸ் துளையும். ஒலியளவைக் குறைத்து வைத்து மீட்டிப் பாருங்கள். வீட்டில் அப்படித்தான் வாசிக்கப் போகிறீர்கள். வாங்கவிருக்கும் கிட்டாரை மாட்டியே சோதியுங்கள். குமிழ்களைத் திருகும்போது ‘கரகர’வென்றால் வேறு கிட்டார் கேளுங்கள்.

ஆம்பை எர்த் உள்ள மூன்று துளை சாக்கெட்டில்தான் மாட்ட வேண்டும். கம்பியைத் தொடும்போது இரைச்சல் குறைவது இயல்பு. ஆனால் விரலில் லேசாகச் சுருக்கென்று மின்சாரம் பட்டால் உடனே சுவிட்சை அணைத்துவிட்டு, எலெக்ட்ரீஷியனை அழைத்து வயரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரே மாடலின் இரண்டு கிட்டார்கள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. கடையில் இரண்டு இருந்தால் இரண்டையும் எடுத்துச் சோதியுங்கள். இணையத்தில் வாங்கினால், பார்சல் வந்த அன்றே இதே சோதனைகளைச் செய்து, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் முடிவெடுங்கள்.