வளைகோட்டை நேராக்கும் வித்தை

ஈஸ்ட்டில் உள்ள இன்வெர்ட்டேஸ் என்ற நொதி சர்க்கரையை இரண்டாக உடைக்கும். சர்க்கரையைக் கூட்டக் கூட்ட வேகமும் கூடும். பிறகு நொதி முழுவதும் வேலையில் மாட்டிக்கொள்வதால் ஏற்றம் மட்டுப்படும். 1913இல் மிக்கேலிஸும் மென்டனும் விளக்கிய இந்த வளைகோடு உச்சத்தை நெருங்குமே தவிர, தொடாது. அப்படியானால் உச்சவேகத்தை எப்படிப் படிப்பது?

1934இல் லைன்வீவரும் பர்க்கும் இரண்டு அச்சிலும் தலைகீழ் எண்களைக் குறித்தார்கள். வளைவு நேர்கோடானது.

எளிய எண்களில் பார்ப்போம். செறிவு 1, 4, 16 மில்லிமோலார். வேகம் 2, 5, 8. தலைகீழாக்கினால் கிடை அச்சில் 1, 0.25, 0.0625, நிலை அச்சில் 0.5, 0.2, 0.125. கோட்டை நீட்டினால் நிலை அச்சை 0.1இல் வெட்டும், எனவே உச்சவேகம் 10. இடப்பக்கம் கிடை அச்சை −0.25இல் வெட்டும், எனவே பாதி உச்சவேகம் தரும் செறிவு 4.

அழகுதான், ஆனால் நம்பக்கூடாத அழகு. வேகத்தை 0.2 குறைத்து அளந்துவிட்டால், 8 என்ற புள்ளி 0.003 மட்டுமே நகரும். 2 என்ற புள்ளியோ 0.056 தாவி, கோட்டையே சாய்த்துவிடும். அதனால் இன்று கணினியில் மூல வளைகோட்டையே நேரடியாகப் பொருத்துகிறார்கள்.