ஆயிரம் பார்வைக்கு 40 ரூபாய்தானா? தமிழ் வலைப்பூவில் காசு பார்க்க வேறு வழிகள்

கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரச் சேவை 2018-ல் தமிழுக்கு வந்தது. ஆனால், அதை மட்டும் நம்பினால் கட்டுப்படியாகுமா? இந்த விளம்பர இடங்கள் ஏலத்தில் போகின்றன. ஒரு பக்கத்துக்குப் போட்டி போடும் விளம்பரதாரர்கள் குறைவு என்றால், விலையும் குறைவுதான்.

மாடித்தோட்டம் பற்றிய ஒரு வலைப்பூவை எடுத்துக்கொள்வோம். மாதம் 40,000 பார்வைகள், ஆயிரத்துக்கு 40 ரூபாய் என்று வைத்தால் 1,600 ரூபாய் வரும். அதுவும் மாதாமாதம் கைக்கு வராது. கணக்கில் 100 டாலர் சேர்ந்த பிறகே ஆட்சென்ஸ் பணம் அனுப்பும். அதற்கு ஐந்தாறு மாதம் ஆகிவிடும்.

ஸ்பான்சரிடம் எவ்வளவு கேட்பது?

செடிப் பை விற்கும் உள்ளூர் கடைக்காரருக்கு 40,000 பார்வை முக்கியமில்லை. எத்தனை பேர் வாங்குவார்கள் என்பதே கேள்வி. 'எந்தச் செடிக்கு எந்த அளவு பை?' என்ற கட்டுரையை மாதம் ஆயிரம் பேர் என ஓராண்டில் 12,000 பேர் படிக்கிறார்கள் என்போம். 100-க்கு இருவர் கடையின் இணைப்பைத் தட்டினால் 240 பேர். அவர்களில் 12 பேர் வாங்கி, தலைக்கு 300 ரூபாய் லாபம் கிடைத்தால், கடைக்கு மிஞ்சுவது 3,600. ஆகவே 2,000 ரூபாய் கேட்டால் நியாயம். 10,000 கேட்டால் அடுத்த முறை போனையே எடுக்க மாட்டார்.

காசு வாங்கி எழுதியதை மறைக்கக் கூடாது. கட்டுரையின் தொடக்கத்திலேயே 'விளம்பரம்' என்று போட வேண்டும். கடையின் இணைப்பில் `rel="sponsored"` சேர்க்க வேண்டும். இல்லையென்றால், காசுக்கு விற்ற இணைப்பு என்று கூகுள் தேடலில் பக்கம் பின்னுக்குப் போகலாம்.

சொந்தமாக ஒரு பொருள்

'எந்த மாதம் எந்த விதை?' என்ற நாள்காட்டியை 99 ரூபாய்க்கு பிடிஎஃப்பாக விற்கலாம். மாதம் 50 பேர் வாங்கினால் 4,950 ரூபாய். பணம் பெறும் சேவைக்கு 2 சதவீதமும் அதன் மீது ஜிஎஸ்டியும் போனால், சுமார் 4,830 மிஞ்சும். 40,000 பார்வைக்கு வந்த விளம்பரப் பணத்தைப்போல மூன்று மடங்கு!

இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒருவர் வாங்கி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் விற்பனை படுத்துவிடும். நாள்காட்டியோடு விதைப் பொட்டலமும் சேர்த்து அனுப்பினால் இது குறையும். ஆனால் கூரியர் செலவை விலையில் சேர்க்க மறக்கக் கூடாது. அடுத்தது, கேட்க ஆளில்லாத பொருளுக்கு உழைப்பது. தயாரிக்கும் முன்பே இரண்டு பக்க மாதிரியைக் காட்டி முன்பதிவு வாங்கிப் பார்க்கலாம். 'சூப்பர்' என்று கமென்ட் போடுபவர்களை எண்ணக் கூடாது. காசு கட்டியவர்களைத்தான் எண்ண வேண்டும். இரண்டு வாரத்தில் பத்துப் பேர்கூடத் தேறவில்லை என்றால், பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு பொருளை யோசிப்பதே நல்லது.