சப்ளை செயின் நேர்காணல்: மூன்று கேள்வி, ஒரே கணக்கு

சப்ளை செயின் எக்ஸிகியூட்டிவ் வேலைக்கான நேர்காணலில் மூன்று கேள்விகள் பெரும்பாலும் வந்துவிடும். எவ்வளவு ஸ்டாக் வைப்பீர்கள்? வெண்டர் தாமதித்தால் என்ன செய்வீர்கள்? செலவைக் குறைத்த உதாரணம் ஒன்று சொல்லுங்கள். பலர் இவற்றுக்குத் தனித்தனியாகப் பதில் தயாரிக்கிறார்கள். உண்மையில் மூன்றும் ஒரே கணக்கில் அடங்கும்.

கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். தண்ணீர் கசியாமல் தடுக்கும் சீல் நாளொன்றுக்குச் சராசரியாக 100 தேவை. கோடையில் விற்பனை ஏறும்போது 130 வரை போகும். ஆர்டர் போட்டால் சரக்கு சராசரியாக 10 நாளில் வரும், மோசமான சமயத்தில் 14 நாளாகும். 130ஐ 14ஆல் பெருக்கினால் 1,820. கையிருப்பு இந்த அளவுக்கு இறங்கியதுமே அடுத்த ஆர்டர் போக வேண்டும். இதில் வழக்கமான தேவை, 10 நாளுக்கு 1,000. மீதி 820தான் சேஃப்டி ஸ்டாக்.

இரண்டு மோசமான நிலைகளும் ஒன்றாக வரும் என்று எண்ணிப் போடுவதால், இந்தக் கணக்கு சற்றுத் தாராளமானது. சீலுக்குப் பரவாயில்லை. விலை அதிகமான பாகத்துக்கு இப்படி வைத்தால் பணம் முடங்கிவிடும்.

தாமதத்துக்கு, “வெண்டரைப் போனில் விரட்டுவேன்” என்பது போதாது. அந்த 14 நாளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பர்சேஸ் ஆர்டரில் கையெழுத்தாக 2 நாள், பழைய பில் பாக்கியால் வெண்டர் சரக்கை நிறுத்திவைத்ததில் 1 நாள் போயிருக்கலாம். அப்படியானால் 3 நாள் தாமதம் நம் பக்கம்தான். பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். அதையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

அந்த 3 நாளைச் சரிசெய்து, மோசமான சமயத்திலும் 11 நாளில் சரக்கு வந்தால் என்ன ஆகும்? 130ஐ 11ஆல் பெருக்கினால் 1,430. வழக்கமான தேவை 1,000 என்றே கொண்டாலும், சேஃப்டி ஸ்டாக் 430 போதும். 390 சீல் குறைகிறது. ஒன்று 250 ரூபாய் என்றால் 97,500 ரூபாய்.

“97,500 ரூபாய் மிச்சப்படுத்தினேன்” என்று பலர் சொல்வது இங்கேதான். அது சரியல்ல. அந்தத் தொகை முடங்கிக் கிடந்து விடுபட்ட முதல். வட்டி, கிடங்கு, இன்ஷூரன்ஸ், சேதம் எல்லாம் சேர்த்து ஸ்டாக்கை வைத்திருக்க ஆண்டுக்கு 20 சதவீதம் செலவாகும் என்று கொண்டால், உண்மையான மிச்சம் ஆண்டுக்கு 19,500 ரூபாய். இரண்டையும் பிரித்துச் சொல்பவருக்கு வேலை தெரியும் என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும்.

அடுத்து, “ஸ்டாக்கைக் குறைத்த பிறகு சீல் இல்லாமல் உற்பத்தி நின்றதா?” என்று கேட்பார்கள். ஒருமுறை நின்றிருந்தாலும் அந்த நஷ்டத்தைக் கழித்துவிட்டுத்தான் மிச்சத்தைச் சொல்ல வேண்டும்.