உடைந்த கம்பியில் படிக்கும் இரண்டு எண்கள்

இழுவிசைச் சோதனையில் ஓர் உலோகத் துண்டு இரண்டாக அறுந்த பிறகும் அதில் அளக்க வேண்டியவை மிச்சம் இருக்கும். எவ்வளவு பாரம் தாங்கியது என்பதை இயந்திரமே காட்டிவிடும். அறுவதற்கு முன் எவ்வளவு நீண்டது, அறுந்த இடத்தில் எவ்வளவு மெலிந்தது என்ற இரண்டையும் உடைந்த துண்டுகளை எடுத்துத்தான் அளக்க வேண்டும். முதலாவது நீட்சி சதவீதம். இரண்டாவது பரப்புக் குறைவு சதவீதம். இரண்டுமே உலோகத்தின் நீளும் தன்மையைச் சொல்பவை என்றாலும், ஒன்று தெரிந்தால் மற்றது தெரிந்துவிட்டது என்று இருந்துவிட முடியாது.

10 மி.மீ. விட்டமுள்ள ஒரு மென்னெஃகு உருளையை எடுத்துக்கொள்ளலாம். சோதனைக்கு முன் அதன் நடுப்பகுதியில் 50 மி.மீ. இடைவெளியில் இரண்டு குறிகள் போடப்படுகின்றன. இந்த இடைவெளிதான் அளவு நீளம். அதற்குள்ளும் 5 மி.மீ.க்கு ஒன்றாகச் சிறு கோடுகள் இட்டுவைத்தால் பத்துக் கட்டங்கள் கிடைக்கும். குறிகளை ஆழமாகக் குத்தக் கூடாது. நீளாத, நொறுங்கும் உலோகமாக இருந்தால் குத்திய புள்ளியிலேயே முறிந்துவிடும்.

இயந்திரம் இழுக்கத் தொடங்கியதும், எஃகு இளகும் கட்டத்தைத் தாண்டிய பிறகு, துண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே சீராக நீள்கிறது. இதற்குக் காரணம் உண்டு. எஃகு நீள நீள இறுகும். எங்காவது ஓரிடம் சற்று முந்தி நீண்டு மெலிந்தால், அந்த இடம் இறுகிவிடுவதால் அடுத்து நீள வேண்டிய முறை பக்கத்துப் பகுதிக்குப் போகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் இந்த இறுக்கத்தால் மெலிவை ஈடுகட்ட முடிவதில்லை. பாரம் உச்சத்தைத் தொடுவது அப்போதுதான். அதன்பின் நீட்சி முழுவதும் ஒரே இடத்தில் குவிகிறது. அங்கே கழுத்துப்போல ஓர் இடுக்கம் விழுகிறது. பாரம் குறைந்துகொண்டே வந்து துண்டு அறுகிறது. கழுத்தின் உட்புறத்தில் நுண்ணிய துளைகள் திறந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, நடுவிலிருந்து வெளிநோக்கிப் பிளப்பதால், ஒரு பாதி கிண்ணம் போலவும் மறுபாதி கூம்பு போலவும் முடியும்.

இப்போது இரண்டு பாதிகளையும் ஒரே நேர்கோட்டில், அறுந்த முகங்கள் பொருந்தும்படி சேர்த்துப் பிடித்துக் குறிகளுக்கு இடையே அளக்க வேண்டும். நமது துண்டில் அது 65.3 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கூடிய நீளம் 15.3 மி.மீ.; 50-க்கு 15.3 என்றால் நீட்சி 30.6 சதவீதம். கழுத்தின் மிக மெலிந்த இடத்தில் விட்டம் 6.2 மி.மீ. உருளையின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 100-க்கு 38.4 மிஞ்சியிருக்கிறது, பரப்புக் குறைவு 61.6 சதவீதம்.

அளக்கும்போது இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். கிண்ணமும் கூம்பும் ஒருபோதும் முழுமையாகப் பொருந்துவதில்லை. விளிம்புகள் தொட்டுக்கொண்டாலும் நடுவில் சிறு இடைவெளி நிற்கும். அந்த இடைவெளியும் நீட்சிக் கணக்கில் சேர்ந்துவிடும். இது எல்லாச் சோதனைக் கூடத்திலும் உள்ளது, பெரிய குற்றமில்லை; ஆனால் அலட்சியமாகச் சேர்த்து அரை மில்லிமீட்டர் கூடுதலாக விட்டால், 50 மி.மீ. அளவு நீளத்தில் ஒரு முழுச் சதவீதம் ஏறிப்போகும். கழுத்தை அளக்கும்போது தவறு எதிர்ப்பக்கமாக விழும். வெர்னியரின் தட்டையான தாடைகள் கழுத்தின் அடிக்குப் போகாமல் இரு பக்கச் சரிவுகளில் தங்கிவிடும். 6.2-க்குப் பதில் 6.5 என்று படித்தால் பரப்புக் குறைவு 58 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அதனால்தான் கூர்முனைத் தாடைகளால், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசைகளில் அளந்து சராசரி எடுக்கிறார்கள்.

அந்தப் பத்துக் கட்டங்களை இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். நமது துண்டில் அவை வரிசையாக 5.9, 5.9, 6.0, 6.2, 7.0, 9.2, 7.0, 6.2, 6.0, 5.9 மி.மீ. என்று இருக்கட்டும். ஓரத்துக் கட்டங்கள் 18 சதவீதம் மட்டுமே நீண்டிருக்கின்றன. அறுந்த கட்டமோ 84 சதவீதம் நீண்டிருக்கிறது. 30.6 என்ற எண் துண்டின் எந்த இடத்திலும் நடந்த நீட்சி அல்ல. சீராக நீண்ட பகுதியையும் கழுத்தையும் கலந்து எடுத்த சராசரி.

கலவை என்றால் விகிதம் மாறினால் விடையும் மாறும். அறுந்த இடத்தைச் சுற்றியுள்ள ஐந்து கட்டங்களை மட்டும் கணக்கில் கொண்டால், 25 மி.மீ. நீளம் 35.6 ஆகியிருக்கிறது: நீட்சி 42 சதவீதம். இரு பக்கமும் ஐந்து கட்டங்கள் கூட்டி 100 மி.மீ. அளவு நீளம் வைத்திருந்தால், சேரும் கட்டங்கள் எல்லாம் 5.9 மி.மீ. ஆக இருக்கும், நீட்சி 24 சதவீதத்துக்கு இறங்கும். ஒரே எஃகு, ஒரே சோதனை, ஒரே முறிவு, மூன்று விடைகள். அளவு நீளத்தைச் சொல்லாமல் நீட்சி சதவீதத்தை மட்டும் சொல்வதில் பொருளில்லை.

இந்தச் சிக்கலைத் தீர்க்கும் வழியைப் பிரெஞ்சுப் பொறியாளர் பார்பா 1880-இல் காட்டினார். கழுத்தின் நீளம் துண்டின் தடிமனோடு சேர்ந்து வளரும்; ஆகவே தடித்த துண்டுக்கு நீண்ட அளவு நீளமும், மெல்லிய துண்டுக்குக் குட்டையான அளவு நீளமும் வைத்தால், கலவையின் விகிதம் மாறாது. இந்தியத் தரங்களும் சர்வதேசத் தரங்களும் குறுக்குவெட்டுப் பரப்பின் வர்க்கமூலத்தை 5.65-ஆல் பெருக்கி அளவு நீளத்தை எடுப்பது இதற்காகத்தான். வட்டமான துண்டுக்கு அது விட்டத்தைப் போல ஐந்து மடங்கு. அமெரிக்கத் தரத்தில் வட்டத் துண்டுக்கு நான்கு மடங்கு. ஆகவே அங்கே அதே எஃகு சற்றுக் கூடுதலான நீட்சியைக் காட்டும்.

முறிவு நடுவில் விழாமல் ஓரத்துக் குறியை ஒட்டி விழுந்தால் இன்னொரு தொல்லை. கழுத்தின் ஒரு பாதி குறிகளுக்கு வெளியே போய்விடுவதால் நீட்சி குறைவாக வரும். பழி எஃகின்மேல் விழும். முறிவு அருகிலுள்ள குறியிலிருந்து அளவு நீளத்தின் மூன்றில் ஒரு பங்குக்குள் விழுந்துவிட்டால், அளந்த எண்ணைத் தள்ளிவிடலாம் என்பது விதி. ஆனால் அப்படி விழுந்தும் தரத்தில் கேட்ட அளவைத் தாண்டிவிட்டால் ஏற்றுக்கொள்ளலாம். தவறு எஃகுக்கு எதிரான திசையில்தான் இருந்தது. முன்பே இட்டுவைத்த கட்டங்களும் இங்கே கைகொடுக்கும்: கழுத்தின் இரு பக்கமும் ஒரே மாதிரி நீளும் என்பதால், விடுபட்ட பக்கத்துக்கு ஈடாக நல்ல பக்கத்துக் கட்டங்களை இரண்டு முறை கணக்கிட்டு விடை காணலாம்.

பரப்புக் குறைவுக்கு இந்த வம்பு எதுவும் இல்லை. மிக மெலிந்த ஓரிடத்தில் மட்டும் அளப்பதால், அளவு நீளம் 50 ஆனாலும் 100 ஆனாலும் எண் மாறாது. நமது துண்டில் அந்த ஓரிடத்தில் பரப்பு 38.4 சதவீதமாகச் சுருங்கியது என்றால், கன அளவு மாறாத கணக்கின்படி அங்கே உலோகம் 160 சதவீதம் நீண்டிருக்கிறது. நீட்சி சதவீதம் பெரும்பாலும் எஃகு இறுகும் திறனைச் சொல்கிறது என்றால், பரப்புக் குறைவு கழுத்துக்குள் துளைகள் எவ்வளவு தாமதமாகத் திறந்தன என்பதைச் சொல்கிறது. துளைகள் திறப்பது உலோகத்துக்குள் சிக்கிய அந்நியத் துகள்களில். ஆகவே எஃகு எவ்வளவு சுத்தமாக உருக்கப்பட்டது என்று கேட்டால், பரப்புக் குறைவுதான் நல்ல சாட்சி.

இதை நேரடியாகப் பயன்படுத்தும் இடம் தடித்த எஃகுத் தகடுகள். தகட்டை உருட்டும்போது அதற்குள் உள்ள மாங்கனீசு சல்ஃபைடு துகள்கள் தட்டையாக நசுங்கி ஏடுகளாகப் படுத்துவிடும். நீளவாக்கில் இழுத்தால் குறை தெரியாது. பற்றவைத்த இணைப்பு தகட்டை அதன் தடிமன் திசையில் இழுக்கும்போதுதான் அடுக்கடுக்காகக் கிழியும். இதற்காக ஐரோப்பியத் தரத்தில் தகட்டின் தடிமன் திசையிலேயே சிறு உருளை வெட்டி எடுத்து இழுத்து, பரப்புக் குறைவை மட்டும் பார்க்கிறார்கள். மூன்று துண்டுகளின் சராசரி 15, 25 அல்லது 35 சதவீதம் வர வேண்டும் என்று மூன்று வகுப்புகள் உண்டு.

வீடு கட்டுவோர் வாங்கும் டிஎம்டி கம்பியில் நிலைமை தலைகீழ். மேலே வரிவரியாக முண்டுகள் இருப்பதால் கழுத்தின் விட்டத்தை ஒழுங்காக அளக்க முடியாது. எனவே ஐஎஸ் 1786 தரம் நீட்சியைத்தான் கேட்கிறது. ஃபெ 500 கம்பிக்குக் குறைந்தது 12 சதவீதம், ஃபெ 500டி கம்பிக்கு 16. 16 மி.மீ. கம்பியில் இது 80 மி.மீ. நீளத்தில் அளக்கப்படுவது. அமெரிக்கத் தரம் அதே பருமனுள்ள கிரேடு 60 கம்பிக்கு 9 சதவீதம்தான் கேட்கிறது என்பதைப் பார்த்து அது மட்டம் என்று முடிவுகட்டக் கூடாது. அங்கே அளவு நீளம் எட்டு அங்குலம், அதாவது சுமார் 200 மி.மீ.

நிலநடுக்கத்தில் கம்பி எவ்வளவு நீண்டு கொடுக்கும் என்பதற்கு இந்த எண்களும் போதாது. சில மீட்டர் நீளக் கம்பியில் ஒரு கழுத்து தரும் கூடுதல் நீளம் ஒரு பொருட்டல்ல. அங்கே உதவுவது சீராக நீளும் பகுதிதான். அதனால் ஃபெ 500டி கம்பிக்கு, பாரம் உச்சத்தில் இருக்கும்போதே மொத்த நீட்சி 5 சதவீதமாவது இருக்க வேண்டும் என்று அதே தரம் தனியாகவும் கேட்கிறது. கம்பியோடு வரும் சோதனைச் சான்றிதழில் நீட்சி என்று ஓர் எண் மட்டும் அச்சிட்டிருந்தால், அது எந்த அளவு நீளத்தில் எடுத்தது, உடைந்த துண்டைச் சேர்த்து அளந்ததா, இயந்திரத்தின் தாடை நகர்ந்த தூரத்திலிருந்து எழுதியதா என்று கேளுங்கள். பிடியில் கம்பி வழுக்கிய தூரமும் தாடை நகர்வில் சேர்ந்துவிடும். அப்படி எழுதிய எண் கம்பியின் நீட்சி ஆகாது.